பழுதான ஃபிரிட்ஜுக்கு ஒரு பிரமாணப் பத்திரம்: எதைச் சொல்வது, எதை விடுவது

கேள்வி: ஃபிரிட்ஜ் வாங்கி ஏழு மாதத்தில் மூன்று முறை பழுதாகி, இப்போது ஓடவே இல்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வக்கீல் வைக்காமல் நானே புகார் கொடுக்கப் போகிறேன். கூடவே அபிடவிட் வேண்டும் என்கிறார்கள். டைப் அடிக்கும் கடையில் கொடுத்த மாதிரியில் பாதி எனக்கே புரியவில்லை. அதில் எதை எழுத வேண்டும், எதை விட வேண்டும்? என் மனைவி வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்பதைச் சொல்ல வேண்டுமா? சாதாரணத் தமிழில் எழுதினால் ஏற்பார்களா?

பதில்: உங்கள் குழப்பத்தின் வேர், புகார் மனுவையும் பிரமாணப் பத்திரத்தையும் ஒரே எழுத்தின் இரண்டு நகல்களாக அந்தக் கடைக்காரர் அடித்துத் தருவதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். மனு கேட்கிறது, பிரமாணப் பத்திரம் சாட்சி சொல்கிறது. மனுவில் சட்டம் பேசலாம், வாதம் செய்யலாம், இன்ன நிவாரணம் வேண்டும் என்று கோரலாம். பிரமாணப் பத்திரத்தில் நடந்ததை மட்டும் சொல்ல வேண்டும். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 38-ஆம் பிரிவின் 6-ஆம் உட்பிரிவில், புகார்களைப் பிரமாணப் பத்திரத்தையும் ஆவணங்களையும் அடிப்படையாகக் கொண்டே விசாரிக்க வேண்டும் என்கிறது. ஆகவே சினிமாவில் பார்ப்பதுபோல் உங்களைக் கூண்டில் ஏற்றி விசாரிப்பது பெரும்பாலும் நடக்காது. எதிர்தரப்பு உங்களைக் குறுக்கு விசாரணை செய்ய விரும்பினால், கேள்விகளை எழுத்தில் கொடுத்து எழுத்தில் பதில் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் ஜே.ஜே. மெர்ச்சன்ட் வழக்கில் வழிகாட்டியிருக்கிறது. கூண்டில் நின்று நீங்கள் வாயால் சொல்லியிருக்கக்கூடியதை எல்லாம் அந்த நாலு பக்கக் காகிதமே உங்கள் சார்பில் சொல்கிறது.

மாவட்ட ஆணையங்களில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வழக்கு நடத்திவருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் ஆவணங்களை நான் பார்க்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வழக்கின் போக்கில் பிரமாணப் பத்திரம் இரண்டு இடங்களில் வரும். புகாருடன் தரப்படுவது, மனுவில் உள்ளவை உண்மை என்று உறுதி சொல்லும் சிறு பத்திரம். எதிர்தரப்பினர் தங்கள் பதிலுரையைத் தாக்கல் செய்த பிறகு, சாட்சியக் கட்டத்தில் நீங்கள் தருவது நிரூபணப் பிரமாணப் பத்திரம். தீர்ப்பு எழுதும்போது தலைவரும் உறுப்பினர்களும் புரட்டிப் பார்ப்பது இதைத்தான். முதலாவதையே ஒழுங்காக எழுதிவிட்டால் இரண்டாவதற்கு ஆவண எண்களைச் சேர்ப்பதும், பதிலுரையில் அவர்கள் மறுத்தவற்றுக்கு விடை சொல்வதும் மட்டுமே மிச்சம் இருக்கும். ஆகவே இரண்டையும் மனத்தில் வைத்தே சொல்கிறேன்.

எதை எழுதலாம் என்பதற்கு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில், 19-ஆம் கட்டளையின் 3-ஆம் விதியில், பழைய அளவுகோல் ஒன்று இருக்கிறது: பிரமாணம் செய்பவர் தம் சொந்த அறிவிலிருந்து நிரூபிக்கக்கூடிய சங்கதிகளோடு பத்திரம் நிற்க வேண்டும். அந்த விதி நுகர்வோர் ஆணையத்தை எழுத்துக்கு எழுத்துக் கட்டுப்படுத்துமா என்று வாதிடலாம். ஆனால் அந்த அளவுகோலின்படி எழுதியவர் எவரும் அதனால் கெட்டதை நான் பார்த்ததில்லை. நடைமுறையில் அதன் பொருள் இவ்வளவுதான்: ஒவ்வொரு வாக்கியத்தையும் எழுதியபின் 'இது உங்களுக்கு எப்படித் தெரியும்?' என்று எதிர்தரப்பு வழக்கறிஞர் கேட்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். 'பார்த்தேன்', 'என்னிடம் சொன்னார், கேட்டேன்', 'நான் செய்தேன்', 'இந்த ரசீதில் இருக்கிறது' என்ற நான்கில் ஒன்று விடையாக வந்தால் அந்த வாக்கியம் இருக்கலாம். 'அது எல்லாருக்கும் தெரியும்' என்றோ 'வேறு எப்படி இருக்க முடியும்' என்றோ வந்தால் அதை எடுத்துவிடுங்கள்.

டைப் கடை மாதிரிகளில் வழக்கமாக வரும் வாக்கியம் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: 'மேற்படி எதிர்தரப்பினர்கள் இருவரும் கூட்டுச் சேர்ந்து உற்பத்திக் குறைபாடுள்ள தரமற்ற ஃபிரிட்ஜை வேண்டுமென்றே மேற்படி புகார்தாரரின் தலையில் கட்டி ஏமாற்றி, மிகுந்த மன உளைச்சலுக்கு ஆளாக்கியுள்ளார்கள்.' படிக்க ஆவேசமாக இருக்கிறது. ஆனால் அவர்கள் கூட்டுச் சேர்ந்ததை நீங்கள் பார்த்தீர்களா? வேண்டுமென்றே செய்தார்கள் என்பது எப்படித் தெரியும்? உற்பத்திக் குறைபாடு என்று சொல்ல நீங்கள் குளிர்சாதனப் பொறியாளரா? ஒரே வாக்கியத்தில் மூன்று இடங்களில் எதிர்தரப்பு கை வைக்கலாம். மூன்றிலும் உங்களிடம் விடை கிடையாது. இத்தனைக்கும் உங்களிடம் வலுவான சங்கதிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுகூட இந்த வாக்கியத்துக்குள் இல்லை.

நீங்கள் தேதிகளைத் தரவில்லை என்பதால், காட்டுவதற்காக நானே சில தேதிகளையும் தொகைகளையும் வைத்துக்கொள்கிறேன். உங்களுடையவற்றை அந்த இடங்களில் நிரப்பிக்கொள்ளுங்கள். அதே குறையைப் பத்திரத்தில் இப்படிச் சொல்வேன். 'நான் 09.11.2024 அன்று முதல் எதிர்தரப்பினரின் கடையில், இரண்டாம் எதிர்தரப்பினர் தயாரித்த ஃபிரிட்ஜ் ஒன்றை ரூ.34,500 கொடுத்து வாங்கினேன். அதன் ரசீது ஆவணம் 1. அது 11.11.2024 அன்று என் வீட்டுக்கு வந்தது. 14.02.2025 அன்று காலையில் ஃபிரீசரில் இருந்த ஐஸ் உருகியிருந்ததையும் கீழ்த்தட்டில் இருந்த பால் திரிந்திருந்ததையும் பார்த்தேன். அன்றே இரண்டாம் எதிர்தரப்பினரின் சேவை எண்ணில் புகார் பதிந்தேன். 17.02.2025 அன்று அவர்கள் அனுப்பிய மெக்கானிக் வந்து கேஸ் நிரப்பினார். அவர் தந்த ஜாப் கார்டு ஆவணம் 2.' இதே அச்சில் ஏப்ரல் மாதப் பழுது, ஜூன் மாதப் பழுது ஆகியவற்றைத் தனித்தனிப் பத்தியாக எழுதி, கடைசியில் 'ஃபிரிட்ஜ் 03.06.2025 முதல் இன்றுவரை குளிரவில்லை' என்று முடித்துவிடுங்கள். ஏமாற்றினார்கள் என்ற சொல் எங்கும் வரவில்லை. மூன்று ஜாப் கார்டுகளும் ஓடாத ஃபிரிட்ஜும் சேர்ந்து என்ன சொல்கின்றன என்பதைப் படிப்பவர் தாமே கண்டுகொள்வார்.

உற்பத்திக் குறைபாடு என்பதைச் சொல்லாமல் விட்டால் வழக்குத் தோற்றுவிடுமோ என்று பயப்பட வேண்டாம். அதை மனுவில் உங்கள் தரப்பு வாதமாக வையுங்கள்; பிரமாணத்தில்தான் வேண்டாம் என்கிறேன். பொருளைச் சோதித்துப் பார்க்காமல் குறையைத் தீர்மானிக்க முடியாது என்று ஆணையம் கருதினால், உரிய ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி அறிக்கை பெற 38-ஆம் பிரிவின் 2-ஆம் உட்பிரிவு இடம் தருகிறது. தேவைப்பட்டால் அதற்குத் தனி மனு போடலாம். குறையை நிரூபிக்கும் பொறுப்பு புகார்தாரரிடம்தான் இருக்கிறது என்பதை உச்ச நீதிமன்றம் 2021-இல் எஸ்.ஜி.எஸ். இந்தியா வழக்கில் திரும்பவும் சொல்லியிருக்கிறது. ஆனால் அந்தப் பொறுப்பு பெரிய சொற்களால் தீர்வதில்லை. உத்தரவாதக் காலத்துக்குள் ஒரே பொருள் மூன்று முறை பழுதாகி, மூன்று முறையும் அவர்களுடைய ஆளே வந்து பார்த்தார் என்பதை அவர்களுடைய காகிதத்தைக் கொண்டே காட்டுவது, நீங்கள் பொறியாளரைப்போல் பேசுவதைவிடப் பல மடங்கு கனமானது.

இங்கே நுணுக்கமான இடம் ஒன்று இருக்கிறது. படித்தவர்களே பலர் இதில் சறுக்குகிறார்கள். மூன்றாம் முறை வந்த மெக்கானிக், 'சார், இந்த மாடலில் கம்ப்ரசர் இப்படித்தான் போகிறது, மாற்றாமல் தீராது' என்று உங்களிடம் சொன்னார் என்று வைத்துக்கொள்வோம். 'இந்த மாடலின் கம்ப்ரசர் அனைத்தும் பழுதானவை' என்று நீங்கள் பிரமாணம் செய்ய முடியாது. அது உங்களுக்குத் தெரியாது. ஆனால் '09.06.2025 அன்று மாலை சுமார் நான்கு மணிக்கு வந்த மெக்கானிக், இந்த மாடலில் கம்ப்ரசர் இப்படித்தான் போகிறது, மாற்றாமல் தீராது என்று என்னிடம் சொன்னார்' என்று தாராளமாகப் பிரமாணம் செய்யலாம். அவர் சொன்னதை உங்கள் காதால் கேட்டது உங்கள் சொந்த அறிவு. அவர் சொன்னது உண்மையா என்பது வேறு கேள்வி. தயாரிப்பாளர் அனுப்பிய ஆளே சொன்னது என்பதால் அதற்கு மறுப்பு சொல்ல வேண்டிய நிலைக்கு அவர்கள் வந்துவிடுவார்கள். அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள். உங்கள் பக்கம் சாய்த்துத் திருத்தாதீர்கள். பெயர் தெரியாவிட்டால் 'பெயர் தெரியாது, ஜாப் கார்டில் கையொப்பமிட்டவர்' என்பது போதும். நேரம் துல்லியமாக நினைவில்லாவிட்டால் 'சுமார்' என்று போடுவதில் வெட்கம் ஒன்றுமில்லை. தேதியே நினைவில்லாவிட்டால் முதலில் கைப்பேசியில் அழைப்புப் பட்டியலையும் குறுஞ்செய்திகளையும் பாருங்கள். அப்படியும் கிடைக்காவிட்டால் 'ஏப்ரல் மூன்றாவது வாரத்தில்' என்று எழுதுங்கள். ஊகித்துப் போட்ட ஒரு தேதி ஜாப் கார்டோடு முரண்பட்டால், சரியாகச் சொன்ன மற்ற ஒன்பது தேதிகளும் சந்தேகத்துக்கு வந்துவிடும்.

இரண்டாம் முறை மெக்கானிக் வந்தபோது நீங்கள் வேலைக்குப் போயிருந்து, வீட்டில் மனைவி மட்டும் இருந்தார் என்றால், அந்த நாளைப் பற்றி நீங்கள் எழுதக்கூடியது மிகக் குறைவு. 'மாலையில் வீடு திரும்பியபோது ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது. மேசைமேல் ஜாப் கார்டு இருந்தது' என்பதோடு நின்றுகொள்ளுங்கள். மெக்கானிக் என்ன கழற்றினார், என்ன மாற்றினார், என்ன சொன்னார் என்பதை உங்கள் மனைவி ஒரு பக்கத்துக்குத் தனிப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். அதற்காக அவரைப் புகார்தாரராகச் சேர்க்க வேண்டியதில்லை. சாட்சியாக இருந்தால் போதும். இரண்டு பத்திரங்களும் ஒரே சொற்களில் இருக்க வேண்டாம். கணவனும் மனைவியும் எழுத்துப் பிசகாமல் ஒன்றையே சொன்னால், இரண்டையும் அடித்த கை ஒன்றுதான் என்று யாருக்கும் தோன்றும். அவர் பேசுகிற மாதிரியே அவருடையது இருக்கட்டும்.

இட்லி மாவு விஷயத்துக்கு வருகிறேன்; நீங்கள் கேட்டவற்றில் யோசிக்க வேண்டியது இதுதான். மறைக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மறுவிற்பனைக்காகவோ வணிக நோக்கத்துக்காகவோ பொருள் வாங்குபவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று 2-ஆம் பிரிவின் 7-ஆம் உட்பிரிவு சொல்கிறது என்பதால்தான் உங்களுக்குத் தயக்கம். ஆனால் அதே உட்பிரிவின் விளக்கம், சுயதொழிலால் பிழைப்பு நடத்துவதற்கென்றே ஒருவர் வாங்கிப் பயன்படுத்தும் பொருளை வணிக நோக்கம் என்று கொள்ளாது என்கிறது. தவிர, எந்த நோக்கம் மேலோங்கியது என்று பார்க்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்றம் 2019-இல் லீலாவதி மருத்துவமனை அறக்கட்டளை வழக்கில் சொன்னது. வீட்டு உபயோகத்துக்கு வாங்கிய ஃபிரிட்ஜில் ஓர் ஓரமாக மாவு டப்பா இருப்பதால் நீங்கள் வணிகர் ஆகிவிடுவீர்கள் என்று நான் நினைக்கவில்லை. இருந்தாலும் எதிர்தரப்பு அந்த வாதத்தை எடுக்காது என்று யாரும் உறுதி தர முடியாது. ஆகவே நீங்களே முந்திக்கொள்ளுங்கள்: 'இந்த ஃபிரிட்ஜை எங்கள் நால்வர் குடும்பத்தின் உபயோகத்துக்காக வாங்கினேன். என் மனைவி வீட்டிலேயே நாளொன்றுக்குச் சுமார் ஐந்து கிலோ இட்லி மாவு அரைத்து அக்கம்பக்கத்தாருக்கு விற்கிறார். அந்த மாவில் ஒரு பகுதியையும் இந்த ஃபிரிட்ஜில் வைப்பதுண்டு. இதற்கென ஆள் யாரையும் வைத்துக்கொள்ளவில்லை.' சொல்லாமல் விட்டு, அடுத்த தெருக்காரர் எடுத்த படம் ஒன்று பதிலுரையோடு வந்தால், அதற்குப் பிறகு நீங்கள் எந்த விளக்கம் கொடுத்தாலும் ஒளித்தவர் என்ற பெயரோடுதான் கொடுக்க வேண்டியிருக்கும். என்னிடம் வந்த ஒருவர், வாங்கிய தையல் இயந்திரத்தில் மனைவி வெளியாருக்குத் தைத்ததை எனக்கே சொல்லாமல் விட்டார். அது வெளியே வந்த நாளில், சட்டம் எங்கள் பக்கம் இருந்தும் அரை மணி நேரம் அந்த மறைப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று.

இழப்பைச் சொல்லும் இடத்தில்தான் மிகை அதிகம் புகுகிறது. ரசீது உள்ளதற்கும் இல்லாததற்கும் நடுவே கோடு போட்டு எழுதுங்கள். ஃபிரிட்ஜின் விலை ரசீதில் இருக்கிறது. அதைச் சொல்ல ஒரு வரி போதும். கெட்டுப்போன பாலுக்கும் காய்கறிக்கும் மாவுக்கும் ரசீது இருக்காது. 'மூன்று முறையும் சேர்த்துச் சுமார் ரூ.1,200 மதிப்புள்ள உணவுப் பொருள்கள் கெட்டன. இது என் மதிப்பீடு, ரசீது இல்லை' என்று வெளிப்படையாகச் சொன்னால் அந்தச் சிறு தொகையை யாரும் சந்தேகிக்கமாட்டார்கள். மன உளைச்சலுக்கு வருவோம். 'சொல்லொணா மன உளைச்சலும் தாங்கொணா வேதனையும் அடைந்தேன்' என்ற வரியை ஆணையம் தினமும் படிக்கிறது. அதற்குப் பதிலாக, மெக்கானிக் வருவார் என்று மூன்று நாள் விடுப்பு எடுத்தீர்கள், அம்மாவின் இன்சுலினைப் பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் கொடுத்துவைத்து ஒவ்வொரு வேளையும் போய் வாங்கி வந்தீர்கள் என்பது உண்மையானால், அதை எழுதுங்கள். எவ்வளவு இழப்பீடு வேண்டும் என்ற கோரிக்கையின் இடம் மனு. பத்திரத்தில் அந்தத் தொகைக்கு அடிப்படையான சங்கதிகள் இருந்தால் போதும்.

சுவையற்றவையாகத் தோன்றினாலும் விடக் கூடாத சில சங்கதிகள் உண்டு. அவை இல்லாவிட்டால் வழக்கு அந்த ஆணையத்துக்கு உரியதா என்பதே கேள்வியாகிவிடும். உங்கள் முழு முகவரியை எழுதி, அங்கே வசிக்கிறீர்கள் என்று சொல்லுங்கள்; புகார்தாரர் வசிக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ உள்ள மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்க 34-ஆம் பிரிவு அனுமதிக்கிறது என்பதால், கடை வேறு மாவட்டத்தில் இருந்தாலும் கவலையில்லை. கொடுத்த விலையைச் சொல்லுங்கள். பொருளுக்குக் கொடுத்த தொகை ரூ.50 லட்சத்துக்கு மேற்படாவிட்டால் மாவட்ட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு, அந்தத் தொகை ரூ.5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வாங்கிய தேதி, முதல் பழுது கண்ட தேதி, கடைசியாக அவர்களிடமிருந்து பதில் வந்த தேதி ஆகியவை கட்டாயம் வேண்டும்; வழக்குக் காரணம் எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தர வேண்டும் என்ற 69-ஆம் பிரிவின் கணக்கு அவற்றிலிருந்துதான் போடப்படும். உங்களுக்கு ஏழு மாதந்தான் ஆகிறது என்பதால் தாமதத்தை மன்னிக்கக் கோரும் பத்திரம் தேவைப்படாது.

ஆவணங்களைப் பத்திரத்துக்குள் திரும்ப நகலெடுத்து எழுதாதீர்கள். ஜாப் கார்டில் இருப்பதை மூன்று வரியில் உங்கள் சொற்களில் மாற்றி எழுதினால், இரண்டுக்கும் நடுவே ஒரு சொல் வித்தியாசம் வந்தாலும் அதைப் பிடித்துக்கொள்வார்கள். 'அதன் ஜாப் கார்டு ஆவணம் 2' என்று சுட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள். வாட்ஸ்அப் உரையாடல் இருந்தால், எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்கு, எந்தத் தேதியில் என்பதைப் பத்திரத்தில் சொல்லி, அச்செடுத்த பக்கங்களுக்கு வரிசை எண் கொடுங்கள். சாதகமான நாலு வரியை மட்டும் வெட்டி எடுக்காமல் முழு உரையாடலையும் வையுங்கள். மின்னணுப் பதிவுகளுக்கு 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாக்ஷ்ய சட்டம், 63-ஆம் பிரிவில், ஒரு சான்றிதழ் கேட்கிறது. சாட்சியச் சட்டத்தின் நுட்பங்கள் நுகர்வோர் ஆணையங்களைக் கட்டுப்படுத்தா என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் சொல்லியிருப்பதால், சான்றிதழ் இல்லை என்பதற்காகவே உரையாடலை ஒதுக்கிவிட மாட்டார்கள் என்பது என் எதிர்பார்ப்பு. ஆனாலும் அதை நம்பி இருக்கச் சொல்லமாட்டேன். சான்றிதழைப் பெற முடிந்தால் பெற்றுவையுங்கள். எதுவானாலும் அந்தக் கைப்பேசியை வழக்கு முடியும்வரை விற்கவோ அழித்துத் துடைக்கவோ வேண்டாம்.

சாதாரணத் தமிழை ஏற்பார்களா என்றால், ஏற்பார்கள். தமிழ்நாட்டின் மாவட்ட ஆணையங்களில் தமிழில் புகார் தரலாம். தமிழிலேயே உத்தரவு எழுதும் ஆணையங்களும் இருக்கின்றன. தொடக்கத்தில் உங்கள் பெயர், தந்தை பெயர், வயது, முகவரி ஆகியவற்றைச் சொல்லி, 'ஆகிய நான் உண்மையாகவும் மனப்பூர்வமாகவும் உறுதி கூறுவதாவது' என்ற வழக்கமான ஒரு வரியை வைத்துக்கொள்ளுங்கள். அது பத்திரத்தின் அடையாளம், அதைத் தொட வேண்டாம். அதன்பின் 'மேற்படி', 'மேலும் சொல்லப்போனால்', 'யாதெனில்' ஆகியவற்றுக்கு வேலையில்லை. ஒரு பத்திக்கு ஒரு சங்கதி, பத்திகளுக்கு வரிசை எண், நடந்த வரிசையிலேயே எல்லாம் என்று எழுதினால், எதிர்தரப்பு '6-ஆம் பத்தி தவறு' என்று குறிப்பிட்டுத்தான் மறுக்க முடியும். மொத்தமாக 'அனைத்தையும் மறுக்கிறோம்' என்பது எடுபடாது. 'நான்' என்றே எழுதுங்கள். உங்களை நீங்களே 'புகார்தாரர்' என்று அழைத்துக்கொண்டால் யார் பார்த்தது, யார் சொன்னது என்பது மங்கிப்போகும். உங்களுக்குப் புரியாத ஆங்கிலத்தில் யாராவது எழுதித் தந்தால், எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் கையொப்பம் இடாதீர்கள். எழுத்தில் கேள்வி வரும் நாளில் உங்கள் வாக்கியத்துக்கு உங்களாலேயே பொருள் சொல்ல முடியாமல் போகும். நாலு பக்கத்துக்கு மேல் போனால் எங்கோ வாதம் புகுந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு திரும்பப் படியுங்கள்.

கடைசியில் வரும் சரிபார்ப்பு வாக்கியத்தை டைப் கடையில் 'மேலே கண்ட அனைத்தும் எனக்குத் தெரிந்தவரையிலும் நம்பிக்கையின்படியும் உண்மை' என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார்கள். அது பத்திரத்தையே தளர்த்திவிடும். '1 முதல் 11 வரையிலான பத்திகளில் உள்ளவை என் சொந்த அறிவிலிருந்து உண்மை. 12-ஆம் பத்தியில் உள்ளது இன்னாரிடம் கேட்டறிந்தது, அதை உண்மை என்று நம்புகிறேன்' என்று பிரித்துச் சொல்லுங்கள். நீங்கள் எழுதியதில் கேட்டறிந்தது எதுவுமே இல்லையென்றால் இரண்டாம் பகுதி தேவையில்லை. எந்தப் பக்கத்திலும் வெற்றிடம் விடாமல் அடித்து, அடித்தல் திருத்தல் இருந்தால் அந்த இடத்தில் சுருக்கொப்பம் இட்டு, கடைசிக் கையொப்பத்தை மட்டும் வீட்டில் போடாமல் வைத்திருந்து, அடையாள அட்டையுடன் நோட்டரி முன் போய்ப் போடுங்கள். அவர் முன்னிலையில் கையொப்பம் இடுவதுதான் அதைப் பிரமாணம் ஆக்குகிறது. யாரோ கொண்டுபோய் முத்திரை வாங்கி வந்த பத்திரங்கள் ஏராளம். பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை, ஆனால் அந்த நாளில் நீங்கள் வெளியூரில் இருந்ததை எதிர்தரப்பு காட்டிவிட்டால் பத்திரம் முழுவதும் போய்விடும். நோட்டரி தம் பதிவேட்டில் இடும் வரிசை எண்ணும் தேதியும் முத்திரையோடு இருக்கின்றனவா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். முத்திரைத்தாளில் எழுத வேண்டுமா, வெள்ளைத்தாள் போதுமா என்பதில் மட்டும் ஆணையத்துக்கு ஆணையம் நடைமுறை மாறுகிறது. உங்கள் மாவட்ட ஆணையத்தின் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது, அவர்கள் சொல்வதே அங்கே செல்லும்.

பொய்ப் பிரமாணத்தைப் பற்றி உங்களைப் பயமுறுத்த வேண்டியதில்லை, ஆனால் தெரிந்திருக்க வேண்டும். ஆணையத்தின் நடவடிக்கையை நீதித்துறை நடவடிக்கையாகவே சட்டம் கருதுகிறது. அதில் தெரிந்தே பொய்ச் சாட்சியம் தருவதற்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 229-ஆம் பிரிவின்படி ஏழு ஆண்டுகள்வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். தெரியாமல் வந்த பிழை இதில் சேராது. தாக்கல் செய்தபின் ஏதோ ஒரு தேதி தவறு என்று கண்டால், பழைய பக்கத்தைக் கழற்றி மாற்றப் பார்க்காமல், 'என் பிரமாணப் பத்திரத்தின் 5-ஆம் பத்தியில் 24.04.2025 என்பதற்குப் பதிலாக 27.04.2025 என்று இருக்க வேண்டும். ஜாப் கார்டைத் திரும்பப் பார்த்தபோது பிழை தெரிந்தது' என்று கூடுதல் பத்திரம் ஒன்றைத் தாக்கல் செய்துவிடுங்கள்.

நோட்டீஸ் கிடைத்த எதிர்தரப்பினருக்குப் பதிலுரை தர 30 நாளும், ஆணையம் நீட்டித்தால் மேலும் 15 நாளும் உண்டு. அதற்குமேல் ஆணையம் அவகாசம் தர முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020-இல் தீர்த்துவிட்டது. பதிலுரை கைக்கு வந்ததும் ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு, அவர்கள் மறுத்திருக்கும் சங்கதிகளை மட்டும் கோடிடுங்கள். மின்னழுத்தம் ஏறி இறங்கியதால்தான் பழுது என்று பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். உங்கள் வீட்டில் ஸ்டெபிலைசர் இருந்ததா, எப்போது வாங்கியது, அதே இணைப்பில் ஓடும் மற்ற சாதனங்கள் அந்த மாதங்களில் பழுதாயினவா என்பதை நிரூபணப் பிரமாணப் பத்திரத்தில் ஒரு பத்தியாகச் சேருங்கள். ஸ்டெபிலைசர் இல்லையென்றால் இல்லை என்றே எழுதி, உத்தரவாத அட்டையில் அது வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் அந்த அட்டையின் ஆவண எண்ணைப் பக்கத்தில் குறித்துவிடுங்கள்.